வலது மூலையில் ஒரு வட்டம்

மனிதன் மறப்பான், காகிதம் மக்கும், கல்லும் ஒருநாள் தேயும். ஒழுங்காக அடுக்கப்பட்ட கோப்பு ஒன்றுதான் காலத்தை வெல்லும்.

இந்த வாக்கியத்தை உலகுக்கு அளித்தவர் ஒரு பெரிய அலுவலகத்தின் பதிவறைக் கண்காணிப்பாளர். உலகு என்பது இங்கே அவர் நடத்திவந்த காணொளிச் சேனலைக் குறிக்கும். அதன் சந்தாதாரர்களில் பெரும்பாலோர் சொந்தக்காரர்கள். மற்றவர்கள் கைதவறி அழுத்தியவர்கள். வாரம் ஒருமுறை, இஸ்திரி போட்ட சட்டையுடன், பின்னால் ஒரே உயரத்தில் நிற்கும் கோப்புகளை வைத்துக்கொண்டு, அலமாரியை எப்படி அடுக்குவது, ரசீதுகளை எப்போது கிழிப்பது, மனத்தை எப்படி மடித்து வைப்பது என்றெல்லாம் பேசுவார். கைபேசி சிந்தனையைச் சிதறடிக்கும் என்பது அவர் கொள்கை. அதனால் அவரிடம் இருந்தது பட்டன் வைத்த பழைய போன். மற்ற எல்லாமே மேஜைமேல் இருந்த ஒரு கம்ப்யூட்டருக்குள் அடக்கம்.

சொந்தக்காரர்கள் சந்தாவில் சேர்ந்தார்களே ஒழிய, பெரும்பாலும் பார்த்ததாகத் தெரியவில்லை. ஆனால் ஒரே ஒரு ரசிகர் தவறாமல் வருவார். 'பயனடைந்தவன்' என்ற பெயரில் ஒவ்வொரு காணொளிக்கும் கீழே எழுதுவார். "ஐயா, தங்கள் உரையைக் கேட்டு என் அலமாரியை மட்டுமல்ல, என்னையே அடுக்கிக்கொண்டேன்." அவர் எழுதுவதைக் கண்காணிப்பாளரின் மனைவி சத்தமாக வாசிப்பாள். "பாவம், யாரோ வேலவெட்டி இல்லாதவரு போல" என்பாள். கண்காணிப்பாளர் செருமிக்கொண்டு, "நல்ல பண்பாடுள்ளவர் மாதிரி தெரியுது" என்பார்.

அன்று காலை அவர் விடுப்பு எடுத்திருந்தார். அக்கா வருகிறாள்.

அக்காவின் கணவர் இறந்து ஆறேழு மாதம் ஆகியிருந்தது. ஓய்வூதிய அலுவலகத்தில் அவள் பெயருக்கு மாற்ற வேண்டுமென்றால், திருமணப் பதிவுச் சான்றும், கணவனும் மனைவியும் சேர்ந்து எடுத்த படம் ஒன்றும் வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். மதியத்துக்குள் கொண்டுபோக வேண்டும். அக்கா வீட்டில் அந்தச் சான்று இல்லை. சென்ற மழையில் தண்ணீர் உள்ளே புகுந்து பீரோவின் கீழ்த்தட்டு முழுவதும் கூழாகிவிட்டது. ஆனால் அதற்கு முன்பே, தம்பியான கண்காணிப்பாளர் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து வைத்திருந்தார். சான்றுகள், கல்யாண ஆல்பம், மாமா வேலைக்குச் சேர்ந்த நாள், ஆஸ்பத்திரியில் எடுத்த கடைசிப் படம் எல்லாமே. அவள் கைபேசியில் இருந்த படங்களைக்கூட, "போன்ல வெச்சா போச்சுக்கா" என்று சொல்லித் தன் இணையக் கணக்குக்கு மாற்றிவிட்டு, கைபேசியைத் துடைத்து வைத்தாற்போல் ஆக்கிக் கொடுத்திருந்தார். ஒரு குடும்பம், ஒரு பெட்டகம், ஒரு சாவி. அதுவும் ஒரு காணொளியின் தலைப்புதான்.

டீயை ஒரு வாய் உறிஞ்சிவிட்டு அவர் படங்களின் பக்கத்தைத் திறந்தார்.

ஒன்றும் இல்லை.

படங்கள் இருந்த இடத்தில், கையில் காமிராவுடன் சிரிக்கும் ஒரு பொம்மைச் சித்திரம் இருந்தது. அதன் கீழே, 'உங்கள் முதல் படத்தைச் சேர்க்கத் தயாரா?' என்று கேட்டிருந்தது.

இணையம் மந்தம் என்று நினைத்தார். பக்கத்தைப் புதுப்பித்தார். பொம்மை இன்னும் உற்சாகமாகச் சிரித்தது. மோடத்தை அணைத்துப் போட்டார். கம்ப்யூட்டரையே அணைத்துப் போட்டார். தேடும் பெட்டியில் 'கல்யாணம்' என்று அடித்தார். முடிவுகள் இல்லை. 'மாமா' என்று அடித்தார். முடிவுகள் இல்லை. குப்பைத்தொட்டியைத் திறந்தார். அழித்தவற்றையாவது அங்கே காணலாமே. குப்பைத்தொட்டிகூடக் காலியாக இருந்தது. அவர் வாழ்நாளில் ஒரு காலிக் குப்பைத்தொட்டி அவரைப் பயமுறுத்தியது அதுவே முதல்முறை.

ஆவணங்களை வைத்திருந்த இணைய டிரைவுக்குப் போனார். எண் போட்டு, வண்ணம் போட்டு, கோப்புறைக்குள் கோப்புறையாக அவர் அடுக்கியிருந்த மாளிகை. வெற்றுத்திரை.

உள்ளங்கை வியர்த்து மவுஸ் வழுக்கியது. யாரோ உள்ளே புகுந்து எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போய்விட்டார்கள். அல்லது தானே ஏதோ ஒரு பொத்தானை அழுத்திவிட்டோம். இதில் எது மோசம் என்று அவரால் தீர்மானிக்க முடியவில்லை. திருடன் என்றால் திருடனைத் திட்டலாம்.

"ஏங்க, வேர்த்து ஊத்துது, நெஞ்சு வலிக்குதா?" மனைவி கதவருகே நின்றாள். பிரசவ ஆஸ்பத்திரியில் செவிலி. மதியம்தான் அவளுக்கு வேலை. மற்றவர்கள் வியர்ப்பதைப் பார்ப்பதுதான் அவள் தொழில்.

"படம் இல்ல."

"எந்தப் படம்?"

"எந்தப் படமும் இல்ல."

அவள் வந்து திரையைப் பார்த்தாள். பொம்மையைப் பார்த்தாள். பிறகு, "அண்ணி வர்ற நேரமாச்சே" என்றாள். அதைச் சொல்லியிருக்க வேண்டாம்.

"வேற எங்கயாவது காப்பி வெச்சிருக்கீங்களா? பென் டிரைவ்ல, என் போன்ல?"

"ஒரே பெட்டகம்னு..." என்று தொடங்கியவர் தன் காணொளியைத் தானே மேற்கோள் காட்டுவதை உணர்ந்து நிறுத்திக்கொண்டார்.

"எனக்கும் பார்க்க வழி பண்ணிக் குடுங்கன்னு அப்பவே கேட்டேன். சாவி நிறைய இருந்தா பூட்டு பலவீனமாயிடும்னீங்க."

"இப்ப அதையா பேசுறது?"

"பின்ன எப்பப் பேசுறது? பூட்டு நல்லாத்தான் இருக்கு. உள்ளதான் ஒண்ணையும் காணோம்."

வாசலில் மணி அடித்தது.

அக்கா நீதிமன்றத்தில் தட்டச்சராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். வாழ்நாள் முழுவதும் மற்றவர்களின் பொய்களைப் பிழையில்லாமல் தட்டச்சு செய்தவளிடம் பொய் சொல்வது சிரமம். செருப்பைக் கழற்றும்போதே தம்பியின் முகத்தைப் பார்த்தாள்.

"என்னடா, எவனாவது செத்துட்டானா?"

"இல்லக்கா. கொஞ்சம் இணையத்துல பிரச்சனை. நீ உள்ள போய் டீ குடி."

"டீ குடிச்சிட்டுத்தான் வர்றேன். எடுத்து வெச்சிட்டியா? பிரிண்ட் போட்டுக் குடு, வண்டி கீழ நிக்குது."

அவர் மனைவியைப் பார்த்தார். மனைவி தரையைப் பார்த்தாள். அக்கா இருவரையும் தாண்டி அறைக்குள் போய், திரையின் முன்னால் குனிந்து, மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தாள்.

"உங்கள் முதல் படத்தைச் சேர்க்கத் தயாரா... இது யாரு கேக்குறா?"

"அண்ணி, கொஞ்சம் உக்காருங்க" என்று மனைவி நாற்காலியை இழுத்துப் போட்டாள். நல்ல செய்தி சொல்வதற்கு முன்னால் யாரையும் உட்காரச் சொல்வதில்லை. அக்காவுக்கு அது தெரியும். அவள் உட்காரவில்லை.

"காணோமா?"

"தேடிட்டிருக்கேன்" என்றார் அவர்.

"எல்லாமேவா? அவரு படமும்?"

அவர் தலையை ஆட்டினார். அது ஆமாம் என்றும் இல்லை என்றும் படும்படியாக ஆட்டிப் பார்த்தார். ஆமாம் என்றே பட்டது.

அக்கா நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். அவள் அழுதிருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவள் நிதானமாக, நீதிமன்றக் குரலில் பேசினாள்.

"சரி. பதறக் கூடாது. நீ எதையும் தொடாத. இப்ப எப்படி இருக்கோ அப்படியே இருக்கட்டும், நாளைக்கு அதான் சாட்சி. போலீஸ்ல சைபர் பிரிவு இருக்கு, எனக்குத் தெரிஞ்ச வக்கீல் இருக்காரு. சான்றுக்கு வேற நகல் கேட்டு அலையலாம். படத்துக்கு என்ன இருக்கு... ஆல்பம் உன் பரண்லதானே இருக்கு? அதுல இருந்து ஒண்ணை உரிச்சு எடுத்துக்கலாம்."

கண்காணிப்பாளரின் காதுக்குள் ஒரு வண்டு பறந்தது.

மூன்று ஆல்பங்கள். தடித்த அட்டை, பக்கத்துக்குப் பக்கம் மெல்லிய தாள். ஸ்கேன் செய்து முடித்த மறுநாள் காமிராவின் முன்னால் உட்கார்ந்து, 'காகிதம் கரையானின் சாப்பாடு' என்ற தலைப்பில் அவர் உரையாற்றியிருந்தார். சொன்னபடி நடக்க வேண்டும் என்ற உயர்ந்த எண்ணத்தில் அன்று சாயங்காலமே அவற்றைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டார். அந்தக் காணொளியை அக்கா பார்க்கவில்லை. அதற்காக அவர் அப்போது வருத்தப்பட்டார். பிறகு நிம்மதி அடைந்தார்.

"டேய், உன்னத்தான் கேக்குறேன்."

"அக்கா..."

"ஏணி எங்க இருக்கு?"

"ஏணி வேண்டாம்க்கா. ஆல்பம் இல்ல."

"இல்லன்னா?"

"எடைக்குப் போட்டுட்டேன்."

மனைவி சட்டென்று நிமிர்ந்தாள். "ஆல்பத்த வேற பெட்டியில மாத்தி வெச்சிருக்கேன்னுல்ல சொன்னீங்க!"

அக்கா மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தாள். அவள் முகத்தில் கோபத்தை எதிர்பார்த்துத் தோள்களைக் குறுக்கிக்கொண்டிருந்த தம்பி, அங்கே கோபம் இல்லாததைக் கண்டு மேலும் பயந்தார். அவள் இருட்டில் படி இருப்பதாக நினைத்துக் காலை வைத்தவளைப் போல இருந்தாள்.

"அவரு மூஞ்சி எனக்கு மறந்துடும்டா" என்றாள். "இப்பவே பக்கவாட்டுல இருந்து பாத்தா எப்படி இருப்பாருன்னு சரியா வரமாட்டேங்குது. சாயங்காலமா உன்கிட்ட வந்து பாத்துக்கலாம், பாத்துக்கலாம்னுதான் இத்தனை நாளும்..."

அவளை நேராகப் பார்க்க முடியாமல் கண்காணிப்பாளர் கண்ணைத் திரைக்குத் திருப்பினார். பொம்மையின் சிரிப்பையும் பார்க்க முடியவில்லை. இரண்டையும் தவிர்த்துக் கண் ஒதுங்கிய இடம் திரையின் மேலே, வலது மூலை. அங்கே ஒரு சிறு வட்டம் இருந்தது. எப்போதும் இருப்பதுதான். அதற்குள் அவர் பெயரின் முதலெழுத்து 'மு' என்று இருக்கும். நம் வீட்டு வாசலில் நம் பெயர்ப்பலகை இருப்பது போல. அதைத் தினமும் யார் நின்று படிக்கிறார்கள்?

வட்டத்துக்குள் 'ப' என்று இருந்தது.

அவருக்கு எல்லாம் ஒரே மூச்சில் விளங்கியது. முந்தின நாள் காணொளியில், மாதம் ஒருமுறை எல்லாக் கணக்குகளிலிருந்தும் வெளியேறுங்கள், அதுவே பாதுகாப்பு என்று உபதேசம் செய்தார். உபதேசத்துக்கு மரியாதை செய்யத் தானும் வெளியேறினார். காணொளி வெளியானதும், அதற்குக் கீழே ஒரு சின்ன வேலை பாக்கி இருந்தது. அதற்காக வேறொரு கணக்கில் நுழைந்தார். வேலை முடிந்தது, மனைவி சாப்பிடக் கூப்பிட்டாள், போய்விட்டார். காணொளி, படம், ஆவணம் எல்லாம் ஒரே நிறுவனத்தின் அறைகள். ஒன்றில் எந்த ஆளாக நுழைந்தோமோ, மற்றவற்றிலும் அந்த ஆள் என்றே கதவு திறக்கும். அந்த ஆளுக்குப் படம் ஏது, ஆவணம் ஏது? அவன் ஒரு படம்கூட எடுத்ததில்லை. அவனுக்குக் கல்யாணமே ஆகவில்லை. காலையிலிருந்து அவர் அடுத்தவன் வீட்டுக்குள் நின்றுகொண்டு தன் பீரோவைக் காணோம் என்று வியர்த்துக்கொண்டிருக்கிறார்.

அக்காவின் படங்கள் அத்தனையும் பத்திரமாக இருக்கின்றன. ஒன்றும் போகவில்லை. அவருக்குச் சிரிப்புக்கூட வந்துவிடும் போலிருந்தது.

அடுத்த மூச்சில் புதிய பயம் வந்தது. அது பழையதைவிடக் குளிர்ந்திருந்தது. தன் கணக்குக்குள் போக வேண்டுமென்றால் அந்த வட்டத்தை அழுத்த வேண்டும். அழுத்தினால் இப்போது உள்ளே இருப்பவனின் முழுப் பெயரும் விரியும். இந்தப் பாழாய்ப்போன நிறுவனம் அதைச் சும்மாவும் காட்டாது. வணக்கம் வேறு சொல்லும்.

"அக்கா, ஒரு நிமிஷம் வெளிய போய்க் காத்தாட உக்காரேன். நான் ஒண்ணு பண்ணிப் பாக்குறேன்."

"எதுவும் பண்ணாதன்னு சொன்னேன்ல" என்றாள் அக்கா. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நாற்காலியைத் திரைக்கு இன்னும் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டாள். "உன்ன நம்பித்தான் இந்தக் கதி. நான் இங்கிருந்து அசைய மாட்டேன்."

"நீயாவது..." என்று மனைவியைப் பார்த்தார்.

"நானும் அசைய மாட்டேன். ஆல்பத்த எடைக்குப் போட்டவரத் தனியா விட்டா, கம்ப்யூட்டரையும் போட்டுடுவீங்க."

அவர் மவுஸின் மேல் கையை வைத்தார், எடுத்தார். வைத்தார். போலீஸ், வக்கீல் என்று அவள் போகட்டும், இரவு தானாகவே சரியாகிவிட்டது என்று சொல்லிவிடலாம் என்று ஒரு நினைப்பு வந்தது. மதியம் அலுவலகத்தில் அவள் வெறுங்கையோடு நிற்பாள். இன்றைக்கு ஒரு நாள்தானே. அந்த நினைப்பு வந்ததே அவருக்கு அருவருப்பாக இருந்தது. ஆனாலும் அது போகவில்லை.

அக்கா கைப்பையைத் திறந்து கைபேசியை எடுத்தாள். "உனக்குத் தெரியாதுன்னா தெரிஞ்சவங்களக் கேக்கணும். உன் ரசிகர் ஒருத்தர் இருக்காரே, பயனடைந்தவன். அவருக்குக் கம்ப்யூட்டர் தெரியும்."

"அவரு எதுக்கு?" என்றார் கண்காணிப்பாளர். குரல் கீச்சென்று வந்தது.

"எதுக்கா? உனக்குத் தெரியுமோ தெரியாதோ, எனக்கு அவரத் தெரியும். மாமா போன புதுசுல நான் உன் காணொளிக்குக் கீழ ஒரு வார்த்தை எழுதினேன், வீட்டுல எதை அடுக்கி என்னாகப் போவுதுன்னு. அந்தப் பையன் பதில் எழுதினான். 'அம்மா, அவர் சட்டையை மடிக்காதீர்கள். இருந்த இடத்திலேயே கொஞ்ச நாள் தொங்கட்டும்'னு. ரெண்டே வரி. அன்னிக்குத்தான் நான் தூங்கினேன். கூடப் பொறந்த நீ வந்து என்ன சொன்ன? பீரோவ எப்ப காலி பண்றேன்னு கேட்ட."

மனைவி, "அவர வேளாவேளைக்குச் சாப்பிடச் சொல்லிக்கூட அண்ணி எழுதினாங்க" என்றாள்.

"சாப்பிடுறேம்மான்னு எழுதினான். நல்ல பையன்." அக்கா அந்தப் பழைய பதிலுக்குக் கீழேயே ஒற்றை விரலால் தட்டத் தொடங்கினாள், ஒவ்வோர் எழுத்தையும் தட்டும்போதே சொல்லிக்கொண்டாள். "தம்பி... அவசரம்... என் வீட்டுக்காரர்... படம் எல்லாம்..."

அவள் அனுப்பு என்று அழுத்தினால் அது எங்கே வந்து நிற்கும் என்பது அவருக்குத் தெரியும். இங்கேயே வந்து நிற்கும். உடனுக்குடன் சொல்லும்படி அவரே அமைத்து வைத்திருந்தார்.

"அக்கா, அனுப்பாத."

"ஏன்?"

அவர் வலது மூலைக்கு மவுஸின் அம்பைக் கொண்டுபோனார். கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினார்.

கண்ணைத் திறந்தபோது வட்டம் பெரிதாக விரிந்து, அதன் கீழே கொட்டை எழுத்தில், 'வணக்கம், பயனடைந்தவன்!' என்று இருந்தது. அதற்கும் கீழே அவருடைய சொந்தப் பெயர் சாம்பல் நிறத்தில், வெளியேறிவிட்டார் என்ற குறிப்புடன் நின்றது.

அக்காவின் விரல் அதற்குள் அனுப்பிவிட்டிருந்தது. 'டிங்' என்றது கம்ப்யூட்டர். திரையின் ஓரத்தில் ஒரு சிறு பெட்டி எழும்பி, 'தம்பி அவசரம் என் வீட்டுக்காரர் படம் எல்லாம்' என்று காட்டிவிட்டுப் பணிவாக உள்ளே போயிற்று.

அக்கா தன் கைபேசியைப் பார்த்தாள். திரையைப் பார்த்தாள். தம்பியைப் பார்த்தாள். மனைவி புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"வேற கணக்குல இருந்திருக்கேன்க்கா" என்றார் அவர், திரையிடம். "படமெல்லாம் என் கணக்குல இருக்கு. போகல. இது... இது வேற."

"இந்தப் பையன் நீயா?"

"ஆமாக்கா."

"சட்டைய மடிக்காதன்னு எழுதினது?"

"ஆமா."

"அத என் மூஞ்சியப் பாத்துச் சொல்றதுக்கு என்னடா?"

காமிரா இல்லாத இடத்தில் அவருக்குப் பேச்சு வருவதில்லை. இருக்கும் இடத்தில் வருவது பேச்சும் இல்லை.

அக்கா கைபேசியைப் பைக்குள் போட்டாள். "பாஸ்வேர்டைப் போடு" என்றாள்.

சாம்பல் நிறப் பெயரை அழுத்தினார். கடவுச்சொல்லை ஒருமுறை தவறாகவும் ஒருமுறை சரியாகவும் அடித்தார். பட்டன் போன் முனகி, ஒரு குறியெண்ணைக் கொடுத்தது. மனைவி அதை வாசித்தாள். மூலையிலிருந்த வட்டத்துக்குள் 'மு' வந்தது. பொம்மை போயிற்று. அது இருந்த இடத்தில் சின்னச் சின்னக் கட்டங்களாக, மேலிருந்து கீழாக, மாமா வரத் தொடங்கினார். மாலையும் கழுத்துமாக, ஸ்கூட்டரில், யாரையோ பார்த்து முறைத்துக்கொண்டு, ஆஸ்பத்திரிக் கட்டிலில் கட்டைவிரலை உயர்த்திக்கொண்டு. ஒன்றில் அவர் பக்கவாட்டில் திரும்பி மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா அதைப் பெரிதாக்கச் சொன்னாள். வண்டிக்காரர் கீழே ஒலிப்பானை அடித்தார். யாரும் எழுந்திருக்கவில்லை.

சான்றும் சேர்ந்தெடுத்த படமும் அச்சாகி வந்தன. கிளம்புவதற்கு முன் மனைவி மவுஸைத் தன் கைக்கு வாங்கிக்கொண்டாள். அந்தப் படங்களைப் பார்க்கும் அனுமதியை அக்காவின் கணக்குக்கும் தன் கணக்குக்கும் கொடுத்தாள். ஒரு பென் டிரைவில் நகலும் எடுத்தாள். கண்காணிப்பாளர் பூட்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே அக்கா, "வேளாவேளைக்குச் சாப்பிடுறியாடா?" என்று கேட்டாள்.

"சாப்பிடுறேன்க்கா."

"ஆல்பத்துக்கு நான் உன்ன மன்னிக்கல. அது தனி" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

அடுத்த வாரம் கண்காணிப்பாளர் வழக்கம்போல் ஒரு காணொளி வெளியிட்டார். அதற்குக் கீழே கருத்து எதுவும் வரவில்லை.